நான்கு நிற நூலும் ஒரு துண்டுத் துணியும்: ஓவர்லாக் மெஷினில் நூல் கோத்து டென்ஷன் சரிசெய்வது எப்படி

ஓவர்லாக் மெஷின் வாங்கிய பலர், கடையில் கோத்துக் கொடுத்த நூல் தீரும் வரை நிம்மதியாகத் தைக்கிறார்கள். நூல் அறுந்ததும் மெஷினை மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டு விஷயங்கள் பிடிபட்டால் இந்தப் பயம் போய்விடும். முதலாவது, நூல்களை எந்த வரிசையில் கோக்க வேண்டும், ஏன் அந்த வரிசை. இரண்டாவது, தைத்த துண்டைப் பார்த்து எந்த டயலைத் திருப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பது. வீட்டில் பயன்படுத்தும் இரண்டு ஊசி, இரண்டு லூப்பர் கொண்ட நான்கு நூல் மெஷினை வைத்து இரண்டையும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் நான்கு வேறு வேறு நிற நூல் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினிலேயே நூல் பாதைகளுக்கு நிறப் புள்ளிகள் போட்டிருப்பார்கள். அந்த நிறங்களிலேயே நூல் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தக் கட்டுரையில் மேல் லூப்பருக்குச் சிவப்பு, கீழ் லூப்பருக்கு நீலம், வலது ஊசிக்குப் பச்சை, இடது ஊசிக்கு மஞ்சள் என்று வைத்துக்கொள்கிறேன். நான்கும் ஒரே வகை, ஒரே பருமன் நூலாக இருக்க வேண்டும். ஒன்று தடிமனாகவும் மற்றது மெல்லியதாகவும் இருந்தால் டயல் எண் சரியாக இருந்தாலும் தையல் ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது தவறு நூலிலா டயலிலா என்று தெரியாது. சோதனைக்கான துணி வெள்ளையோ வெளிர் நிறமோ, நடுத்தரப் பருமனுள்ள பருத்தித் துணியாக இருக்கட்டும். ஒரு ட்வீசர், ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஒரு குண்டூசி பக்கத்தில் இருந்தால் போதும்.

நான்கு நூலும் என்ன செய்கின்றன

சாதாரணத் தையல் மெஷினில் கீழே பாபின் இருக்கும். ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. அதன் இடத்தில் லூப்பர் என்ற வளைந்த உலோகக் கைகள் இரண்டு இருக்கின்றன. முன் மூடியைத் திறந்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி கீழே இறங்கி மேலே ஏறத் தொடங்கும்போது கீழ் லூப்பர் இடமிருந்து வலமாக வந்து ஊசி நூலின் வளையத்துக்குள் நுழையும். பிறகு மேல் லூப்பர் கீழிருந்து எழுந்து, கீழ் லூப்பரின் நூலைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாக மேலே போகும். ஊசி மறுபடி இறங்கும்போது அந்த மேல் லூப்பர் நூலுக்குள் குத்தி அதைப் பிடித்துக்கொள்ளும். இப்படியே ஒன்றை ஒன்று பிடித்தபடி போவதுதான் ஓவர்லாக் தையல்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. மேல் லூப்பர் நூல் துணியின் மேல் பக்கத்தில் மட்டும் படர வேண்டும். கீழ் லூப்பர் நூல் அடிப் பக்கத்தில் மட்டும் படர வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடம் துணியின் வெட்டிய விளிம்பு. டென்ஷன் சரிசெய்வது என்றால் அந்தச் சந்திப்பை விளிம்பிலேயே நிறுத்தி வைப்பது. ஊசி நூல்கள் இரண்டும் அந்தப் பின்னலைத் துணியோடு சேர்த்துப் பிடிக்கின்றன. இரண்டு துணிகளை உண்மையில் இணைக்கும் தையல் கோடு இடது ஊசியுடையது. வலது ஊசி லூப்பர் நூல்களை நடுவில் பிடித்து, மூட்டுக்குப் பலம் தருகிறது.

கோப்பதற்கு முன்

மின்சாரத்தை அணையுங்கள். பின்னால் இருக்கும் நூல் தாங்கியை, அதாவது மேலே இழுக்கக்கூடிய கம்பியை, முழு உயரத்துக்கு இழுத்துவிடுங்கள். பாதியில் நின்றால் நூல் கோனிலிருந்து செங்குத்தாக ஏறாமல் சாய்ந்து இழுபடும். அதன் தலைப்பிலுள்ள கொக்கிகள் ஒவ்வொன்றும் அதனதன் கோனுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பல மெஷின்களில் சரியான இடத்துக்கு வந்ததும் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும்.

அடுத்து பிரஷர் ஃபுட்டைத் தூக்குங்கள். சில மெஷின்களில் ஃபுட்டைத் தூக்கினாலே டென்ஷன் தட்டுகள் விலகிக்கொள்ளும். நூல் தட்டுகளுக்கு நடுவே எளிதாக உட்காரும். உங்கள் மெஷினில் அப்படி விலகவில்லை என்றால் நான்கு டயலையும் 0-க்குத் திருப்பிவிட்டுக் கோத்து, பிறகு பழைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். எப்படியானாலும் ஒவ்வொரு நூலையும் தட்டுகளுக்கு நடுவே வைத்ததும், மேலும் கீழுமாக இரண்டு கையாலும் பிடித்து லேசாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூல் தட்டுகளுக்கு நடுவே ஆழமாக இறங்குவது விரலுக்குத் தெரியும். புதிதாகக் கோப்பவர்களின் டென்ஷன் குழப்பங்களில் பெரும்பகுதி, நூல் இந்தத் தட்டுகளுக்கு வெளியே தங்கிவிடுவதால்தான் வருகிறது. அவசரமில்லாமல் செய்யுங்கள்.

வரிசை: மேல் லூப்பர், கீழ் லூப்பர், வலது ஊசி, இடது ஊசி

பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு இதுதான் வரிசை. உங்கள் மெஷினின் கையேடு ஊசிகளை மட்டும் இடம் மாற்றிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். ஆனால் லூப்பர்கள் முதலில், ஊசிகள் கடைசியில் என்பதை மாற்ற வேண்டாம்.

முதலில் மேல் லூப்பர். சிவப்பு நூலைத் தாங்கியின் கொக்கி, மேல் வழிகாட்டி, டென்ஷன் தட்டு என்று கொண்டுவந்து, முன் மூடிக்குள் அதே நிறப் புள்ளி உள்ள வழிகாட்டிகள் வழியாக இறக்குங்கள். கைச்சக்கரத்தைச் சுற்றி மேல் லூப்பரின் முனை நன்றாகக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் துளையில் நூலை முன்னிருந்து பின்னாக ட்வீசரால் விடுங்கள். 10 முதல் 15 செ.மீ. நூலை வெளியே இழுத்து, ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கம் போட்டுவிடுங்கள். நான்கில் இதுதான் சுலபம்.

கீழ் லூப்பர்தான் பொறுமை கேட்கும். இதன் பாதை நீளம், வழிகாட்டிகள் அதிகம், இடம் குறுகல். கைச்சக்கரத்தைச் சுற்றிக் கீழ் லூப்பரை வலது பக்கத்துக்கு, அதாவது அதன் முனை ஊசித் தட்டுக்கு வலப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தால் கை நுழைய இடம் கிடைக்கும். நீல நூலை ஒவ்வொரு வழிகாட்டியிலும் மாட்டிக்கொண்டே வாருங்கள். லூப்பரின் இடது கோடியில் ஒரு கொக்கியோ சின்னப் பிளவோ இருக்கும். அது பக்கவாட்டில் ஒளிந்திருப்பதால் பலரும் அதை விட்டுவிட்டு நேராக முனைத் துளைக்குப் போய்விடுவார்கள். மெஷினைப் பொறுத்து, அதில் நூலை மாட்ட ஒரு சின்ன நெம்புகோல் இருக்கலாம். நூலை அதில் வைத்து அழுத்தினால் தானே போய் மாட்டிக்கொள்ளும். அந்தக் கொக்கியில் நூல் இல்லாவிட்டால் தையலே உருவாகாது, அல்லது சில தையலிலேயே பின்னல் விட்டுப்போகும். மாட்டியதும் குனிந்து இடது பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். பிறகு முனைத் துளையில் முன்னிருந்து பின்னாக விட்டு, 10 முதல் 15 செ.மீ. இழுத்து, இதையும் ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கம் போடுங்கள்.

கடைசியாக ஊசிகள். கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசிகளை மேல் எல்லைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் சரியாக முழு ஆழத்துக்குச் செருகியிருந்தாலும் இடது ஊசியின் முனை வலது ஊசியின் முனையைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும், சமன் செய்யப் போகாதீர்கள். வலது ஊசிக்குப் பச்சை, இடது ஊசிக்கு மஞ்சள், இரண்டும் முன்னிருந்து பின்னாக. வால் நூல்களை ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கமாகப் போடுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஊசிகளில் நூல் இருக்கும்போது அந்த நூல்கள் ஊசித் தட்டின் வழியாக இறங்கிக் கீழ் லூப்பரின் மீது வளையமாகக் கிடக்கும். அந்த நிலையில் கீழ் லூப்பருக்குப் புதிதாக நூல் கோத்தால், புதிய நூல் அந்த வளையங்களின் தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். தைக்கத் தொடங்கியதும் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து, நாலைந்து தையலுக்குள் கீழ் லூப்பர் நூல் அறுந்துவிடும். மறுபடி கோத்தால் மறுபடி அறும். மெஷின் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டும் இடம் இது. ஆகவே தைக்கும்போது கீழ் லூப்பர் நூல் அறுந்தால், முதலில் இரண்டு ஊசிகளின் நூலையும் வெட்டி வெளியே உருவிவிடுங்கள். கீழ் லூப்பரைக் கோத்த பிறகே ஊசிகளை மறுபடி கோக்க வேண்டும். ஊசி நூல் மட்டும் அறுந்தால் அந்த ஊசியை மட்டும் கோத்தால் போதும்.

முதல் சங்கிலி

ஃபுட்டை இறக்குங்கள். நான்கு வால் நூல்களையும் இடது கையால் பின்பக்கம் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கைச்சக்கரத்தை மெஷினில் அம்புக்குறி காட்டும் திசையில் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். ஊசித் தட்டின் நாக்கின் மீது நூல்கள் பின்னிக்கொள்வது தெரியும். எங்காவது கைச்சக்கரம் கனமாக இருந்தால் நிறுத்துங்கள்; நூல் எங்கோ சிக்கியிருக்கிறது. தடையில்லை என்றால் முன் மூடியை மூடி, மின்சாரத்தைப் போட்டு, மெதுவாக மிதியுங்கள். துணி இல்லாமலே 5 முதல் 8 செ.மீ. சங்கிலி வர வேண்டும். சங்கிலி வந்தால் கோத்தது சரி. சங்கிலியாகப் பின்னாமல் நூல்கள் தனித்தனியாகத் தொங்கினால், மேலும் தைக்காமல் கீழ் லூப்பரின் இடது கொக்கியை முதலில் பாருங்கள்.

சோதனைத் துண்டு

நான்கு டயலையும் 4-இல் வையுங்கள். 0 முதல் 9 வரை எண் போட்ட மெஷின்களில் இது நடுநிலை. கையேடு வேறு தொடக்க எண் தந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நீளம் 2.5. துணியை நகர்த்தும் முன் பற்களும் பின் பற்களும் எந்த வேக விகிதத்தில் ஓட வேண்டும் என்பதைச் சொல்லும் டிஃபரன்ஷியல் ஃபீட் 1 அல்லது N. கத்தி இயங்கும் நிலையில் இருக்கட்டும், துணியின் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் வெட்டுப்படட்டும். அப்போதுதான் விளிம்பு நேராக வரும், எங்கே சந்திக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க முடியும்.

துணியை இரண்டாக மடித்தோ இரண்டு துண்டுகளை அடுக்கியோ 15 செ.மீ. தையுங்கள். டயலைத் திருப்பிய பிறகு வரும் முதல் சில சென்டிமீட்டரில் பழைய இழுவை கலந்திருக்கும், அதனால் துண்டின் நடுப்பகுதியை வைத்தே முடிவு செய்யுங்கள். நீங்கள் தைக்கப்போகும் துணி இரண்டு அடுக்கு என்றால் சோதனையும் இரண்டு அடுக்காகவே இருக்க வேண்டும். ஒற்றை அடுக்கில் பார்த்த டென்ஷன் இரண்டடுக்கில் பொருந்தாது.

சமநிலை வந்த துண்டில் என்ன தெரியும்? மேல் பக்கத்தில் சிவப்பு மட்டும், விளிம்பு வரை. அடிப் பக்கத்தில் நீலம் மட்டும், விளிம்பு வரை. விளிம்பை நேராக முகத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிவப்பும் நீலமும் அந்த ஓரத்தின் மேலேயே கைகோத்து நிற்கும். துணி சுருளாமல் தட்டையாக இருக்கும். மஞ்சளும் பச்சையும் மேல் பக்கத்தில் நேர்கோட்டுத் தையலாகத் தெரியும். அடிப் பக்கத்தில் சிறு புள்ளிகளாக மட்டும் எட்டிப் பார்க்கும். இந்தத் துண்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்து விலகல்தான்.

எந்த டயல்?

நீலம் மேல் பக்கத்துக்கு ஏறி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கீழ் லூப்பர் தளர்ந்திருக்கிறது, அதனால் நீலம் தாராளமாக ஓடி மேலே வருகிறது. அல்லது மேல் லூப்பர் இறுகியிருக்கிறது, அதனால் சிவப்பு நீலத்தைப் பிடித்து மேலே இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டி மாதிரிதான்: நடுக்குறி ஒரு பக்கம் நகர்ந்தால், இந்தப் பக்கம் பலமாக இழுத்ததா அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்ததா என்று குறியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இழுப்பவர்களைப் பார்க்க வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டியது துணியின் விளிம்பை. விளிம்பு மேல் பக்கமாகச் சுருண்டிருந்தால், சிவப்பு குட்டையாக விறைத்துக் கிடந்தால், மேல் லூப்பர் இறுக்கம், அதைத் தளர்த்துங்கள். விளிம்பு தட்டையாகவே இருந்து, நீல வளையங்கள் தொளதொளவென்று கிடந்தால் கீழ் லூப்பர் தளர்வு, அதை இறுக்குங்கள். குண்டூசி முனையால் ஒரு வளையத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் சந்தேகம் தீரும். தளர்ந்த நூல் எளிதாக எழும்பும். இறுகிய நூல் ஊசி முனையை உள்ளே விடாது.

சிவப்பு அடிப் பக்கத்துக்கு இறங்கியிருந்தால் இதுவே தலைகீழ். விளிம்பு அடிப்பக்கமாகச் சுருண்டிருந்தால் கீழ் லூப்பரைத் தளர்த்துங்கள். தட்டையாக இருந்து சிவப்பு தொளதொளத்தால் மேல் லூப்பரை இறுக்குங்கள்.

எது என்று முடிவு செய்யவே முடியவில்லை என்றால், இறுக்குவதற்கு முன் தளர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு டயலை இறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் நான்கும் 7, 8 என்று நிற்கும். நூல் சமமாகத் தெரியும், ஆனால் மூட்டு விறைத்து, துணி சுருங்கி, இழுத்தால் நூல் அறும். லூப்பர் நூல்கள் துணியின் மேல் படர்ந்து கிடக்க வேண்டியவை. அவற்றுக்குக் கொஞ்சம் தாராளம் வேண்டும்.

டயலைத் திருப்பும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அரை எண் அளவுக்குத் திருப்புங்கள். குறை பெரிதாகத் தெரிந்தால் முதல் அடி ஒரு எண்ணாக இருக்கலாம். இரண்டு டயலை ஒன்றாகத் திருப்பினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

ஒரு துண்டை முழுவதுமாகச் சரிசெய்து பார்ப்போம்

நடுத்தரப் பருத்தி, இரண்டு அடுக்கு, எல்லா டயலும் 4. முதல் 15 செ.மீ. தைத்தாயிற்று. மேல் பக்கத்தில் விளிம்பை ஒட்டி ஏறக்குறைய 2 மி.மீ. அகலத்துக்கு நீலம் ஏறியிருக்கிறது. விளிம்பு தட்டையாக இருக்கிறது. குண்டூசியால் நீல வளையத்தைத் தொட்டால் சுலபமாக எழும்புகிறது. ஆகவே கீழ் லூப்பர் தளர்வு.

கீழ் லூப்பரை 5-க்குத் திருப்பி இன்னொரு 15 செ.மீ. தைக்கிறோம். நீலம் 1 மி.மீ. அளவுக்குக் குறைந்திருக்கிறது. திசை சரி. 5.5-க்குத் திருப்பித் தைத்தால் சிவப்பும் நீலமும் விளிம்பிலேயே சந்திக்கின்றன. உறுதிசெய்ய 6-க்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்: சிவப்பு லேசாக அடிப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கும். சரியான இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் அந்த இடம் எது என்று கண்ணுக்குப் பழகும். 5.5-க்குத் திரும்புகிறோம்.

இப்போது துண்டைத் திருப்பி அடிப் பக்கம் பார்க்கிறோம். லூப்பர்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் இடது கோட்டில் மஞ்சள் நூல் புள்ளிகளாக இல்லாமல் நீண்ட வளையங்களாகத் தெரிகிறது. இரண்டு துணியையும் விரித்து மூட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் நடுவே மஞ்சள் படிகள் தெரிகின்றன. இடது ஊசி தளர்வு. அதை 5-க்குத் திருப்பித் தைத்து மறுபடி விரித்துப் பார்க்கிறோம். மூட்டு மூடிக்கொண்டது. பச்சை முதலிலிருந்தே சரியாக இருந்ததால் வலது ஊசி 4-இலேயே இருக்கட்டும்.

கடைசியாக மூட்டை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். ஊசி நூல் அதிகம் இறுகியிருந்தால் தைத்த கோடு நெடுகத் துணி சுருங்கி நிற்கும். நெகிழும் துணியாக இருந்தால் இழுக்கும்போது 'பட்' என்று அறும். இரண்டும் இல்லை. ஊசி டயலைத் தொட்டதால் லூப்பர்களின் சந்திப்பு நகர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். நகரவில்லை. ஆக இந்தத் துணிக்கு, இந்த நூலுக்கு, இந்த மெஷினில் இடது ஊசி 5, வலது ஊசி 4, மேல் லூப்பர் 4, கீழ் லூப்பர் 5.5. இந்த எண்கள் என் உதாரணத்துக்கு மட்டும் உரியவை. ஒரே மாடல் மெஷின் இரண்டிலேயே எண்கள் வேறுபடும். ஆகவே மற்றவர் எண்ணைக் கேட்டு வைப்பதில் பெரிய பயன் இல்லை. துண்டைப் படிக்கும் முறையைக் கற்றுக்கொள்வதே உதவும்.

டயல் திருப்பியும் ஒன்றும் மாறாதபோது

கீழ் லூப்பரை 5, 6, 7 என்று ஏற்றியும் நீலம் மேலேயே நிற்கிறது என்றால் திருப்புவதை நிறுத்துங்கள். டயல் பேசுவது நூலுக்குக் கேட்கவில்லை, அதாவது நூல் தட்டுகளுக்கு நடுவே இல்லை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மின்சாரத்தை அணைத்து, ஃபுட்டை இறக்கி, டென்ஷன் தட்டுக்குக் கீழே நூலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். டயல் 2-இல் இருக்கும்போது ஒரு இழுவை, 7-இல் இருக்கும்போது தெளிவாகக் கூடுதலான இழுவை தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் நூலை வெளியே எடுத்து மறுபடி தட்டுக்குள் உட்கார வையுங்கள். அப்படியும் மாறாவிட்டால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சோ அறுந்த நூல் துணுக்கோ சிக்கியிருக்கலாம். ஃபுட்டைத் தூக்கி, முடிச்சுப் போட்ட ஒரு தடித்த பருத்தி நூலைத் தட்டுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் இழுத்தால் அழுக்கு வந்துவிடும்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. மேல் லூப்பரை 0 வரை தளர்த்தியும் சிவப்பு விறைத்தே இருக்கிறது. அப்போது இறுக்கம் தட்டுக்கு முன்னால் எங்கோ உண்டாகிறது. கோனின் அடிவிளிம்பில் நூல் சுற்றிக்கொண்டிருக்கலாம், சாதாரண நூற்கண்டு என்றால் நூல் முனையைச் செருகி வைக்கும் வெட்டில் மாட்டியிருக்கலாம், தாங்கியின் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கலாம். கோனிலிருந்து நூலைக் கையால் உருவிப் பார்த்தால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு டயல் 0-இலோ 9-இலோ நின்றால்தான் தையல் சரியாக வருகிறது என்றால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது கோத்ததில் உள்ள குறையை டயலால் மூடுவதாகத்தான் இருக்கும். நான்கையும் உருவிவிட்டு முதலிலிருந்து கோத்தால், நடு எண்களிலேயே தையல் சரியாகிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

டென்ஷன் போலத் தெரியும் வேறு இரண்டு

சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று சமமாகப் பிடித்திருக்கின்றன, ஆனால் அந்தச் சந்திப்பு விளிம்புக்கு வெளியே காற்றில் தொங்குகிறது. லூப்பர்கள் இரண்டும் சம அளவில் தளர்ந்திருந்தால் இப்படி வரும். கத்தி துணியை அதிகமாக வெட்டி, தையலின் அகலத்தை நிரப்பப் போதுமான துணி மிஞ்சாமல் போனாலும் இப்படித்தான் வரும். இதன் மறுபக்கம், சந்திப்பு விளிம்பிலேயே இருக்கிறது, ஆனால் துணி உள்ளே மடிந்து சுருள்கிறது. லூப்பர்கள் இரண்டும் இறுக்கமாக இருக்கலாம், அல்லது தையலுக்குள் துணி அதிகமாகத் திணிக்கப்படலாம். பெரும்பாலான மெஷின்களில் வெட்டும் அகலத்துக்கென்று தனி டயல் இருக்கிறது. நூல்களைக் குண்டூசியால் தொட்டுப் பாருங்கள். நூல் தளர்வாகவும் இல்லை, விறைப்பாகவும் இல்லை என்றால் டென்ஷனை விட்டுவிட்டு அகல டயலை அரை அளவு திருப்புங்கள். மெல்லிய துணியில் இந்தக் குறை அடிக்கடி வரும்.

மற்றொன்று, பின்னலாடைத் துணியில் தைத்த விளிம்பு அலை அலையாக விரிவது. புதிதாகப் பழகுபவர்கள் இதைக் கண்டதும் டென்ஷன் டயலைத் தேடுவார்கள். நூல்களின் சந்திப்பு விளிம்பில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் குறை டென்ஷனில் இல்லை, ஃபீடில் இருக்கிறது. டிஃபரன்ஷியலை 1-இலிருந்து 1.5 பக்கமாக ஏற்றினால் அலை அடங்கும்.

பழகிய நிற நூலிலிருந்து தைக்க வேண்டிய நூலுக்கு

துண்டு சரியாக வந்ததும் அதன் மீதே பேனாவால் துணியின் வகை, அடுக்கு, நான்கு எண்கள், தையல் நீளம், டிஃபரன்ஷியல் ஆகியவற்றை எழுதி எடுத்து வையுங்கள். அடுத்த முறை அதே துணி வரும்போது 4-இலிருந்து தொடங்க வேண்டியதில்லை, இந்த எண்களிலிருந்தே தொடங்கலாம்.

நிறம் மாற்ற மறுபடி முழுவதும் கோக்க வேண்டியதில்லை. நிற நூல்களைக் கோனுக்கு அருகில் வெட்டுங்கள். கோனை மாற்றி, புதிய நூலின் முனையைப் பழைய நூலின் முனையோடு சின்னதாக, இறுக்கமாக முடிச்சிட்டு, வாலைக் குட்டையாகக் கத்தரியுங்கள். ஃபுட்டைத் தூக்கி, தட்டுகள் விலகாத மெஷின் என்றால் டயல்களை 0-க்குக் கொண்டுவாருங்கள். லூப்பர் நூல்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தால் முடிச்சு லூப்பர் துளைகளைத் தாண்டி வந்துவிடும். ஊசிகளில் அப்படி இழுக்க வேண்டாம். ஊசிக் காது சிறியது, முடிச்சு மாட்டி ஊசியை வளைத்துவிடும். முடிச்சு ஊசிக்கு முன்னால் வந்ததும் அங்கேயே வெட்டி, ஊசியை மட்டும் கையால் கோத்துவிடுங்கள். லூப்பர்களை முதலில் முடித்துவிட்டு ஊசிகளுக்கு வரும் வரிசை இங்கும் பொருந்தும்.

எண்களை எழுதி வைத்த இடத்துக்கே கொண்டுவந்து, தைக்க வேண்டிய துணியின் ஒரு துண்டில் 10 செ.மீ. தைத்துப் பாருங்கள். இப்போது நான்கும் ஒரே நிறம் என்பதால் கண்ணுக்கு வேலை கூடும். விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, சந்திப்பைக் குண்டூசி முனையால் தொட்டுப் பாருங்கள். புதிய நூல் பழையதைவிடத் தடித்ததாக இருந்தால் எல்லா நூலும் கொஞ்சம் இறுகியிருக்கும். லூப்பர்கள் இரண்டையும் அரை எண் தளர்த்துவதிலிருந்து தொடங்குங்கள்.